இன்சுலினில் நான்காம்நிலை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். புரதத்தின் நான்கு நிலைகளையும், எந்த நிலைக்கு எந்தப் பிணைப்பு என்பதையும் அட்டவணை போட்டு நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "இன்சுலினில் இரண்டு சங்கிலி இருக்கிறதே மிஸ், அப்படியானால் அது நான்காம்நிலைதானே? ஆனால் அவற்றைச் சேர்ப்பது டைசல்பைடு பிணைப்பு, அதை மூன்றாம்நிலையில் எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளிடம் என்ன சொல்ல?

சுமதி

அன்புள்ள சுமதி,

உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அந்த இரண்டு சங்கிலிகளும் பிறக்கும்போது ஒரே சங்கிலிதான். கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலினுக்கு முந்தைய வடிவம் புரோஇன்சுலின். 86 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி அது. அது மடிந்து, மூன்று டைசல்பைடு பிணைப்புகளும் உரிய இடத்தில் விழுந்த பிறகுதான் நொதிகள் நடுவிலுள்ள துண்டை வெட்டி எடுக்கின்றன. மிஞ்சுவது 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ சங்கிலியும், 30 கொண்ட பி சங்கிலியும். வெட்டியெடுத்த துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். ஒருவருடைய உடம்பு தானாக இன்சுலின் சுரக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் இதைத்தான் அளக்கிறார்கள். ஊசியில் போடும் இன்சுலினில் இது கிடையாது.

ஆகவே ஏ, பி இரண்டும் சேர்ந்த 51 அமினோ அமில மூலக்கூறின் வடிவம், ஒரு சங்கிலி மடிந்து கிடைத்த மூன்றாம்நிலை வடிவம். இன்சுலினுக்கு நான்காம்நிலை உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு யோசனை: ஒவ்வொரு நிலையையும் எந்தப் பிணைப்பு தாங்குகிறது என்று மனப்பாடம் செய்வதைவிட, அதைக் கலைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பிணைப்பின் குணம் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல்நிலை என்பது அமினோ அமிலங்களின் வரிசை. ஃபிரெடெரிக் சாங்கர் மாட்டு இன்சுலினின் வரிசையை 1955-இல் முழுமையாகக் கண்டறிந்தார். ஒரு புரதத்துக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனையும் அடுத்ததன் அமினோ முனையும் சேரும் பெப்டைடு பிணைப்புதான் இந்த வரிசையைக் கோக்கிறது. அது சகப்பிணைப்பு, வெந்நீருக்கெல்லாம் அசையாது. முட்டையை வேகவைத்தாலும் அதன் புரதங்களின் வரிசை அப்படியேதான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தைத் தனித்தனி அமினோ அமிலங்களாகப் பிரிக்க, 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்கச் சூடாக்குவது வழக்கம். நம் குடல் அதே வேலையை நொதிகளை வைத்துச் சாதாரண உடல் சூட்டில் செய்துவிடுகிறது. இன்சுலினை மாத்திரையாக விழுங்கிப் பயனில்லாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாம்நிலையை நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆல்ஃபா சுருளில் ஒரு அமினோ அமிலத்தின் ஆக்சிஜனும் அதற்கு நான்கு இடம் தள்ளி வரும் அமினோ அமிலத்தின் NH-உம் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகின்றன. இன்சுலினில் இப்படி மூன்று சுருள்கள்: ஏ சங்கிலியில் இரண்டு குட்டையானவை, பி சங்கிலியின் நடுவில் ஒன்று. பிள்ளைகள் தவறவிடும் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். இந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலியின் முதுகெலும்பில் நடப்பவை, பக்கச் சங்கிலிகளுக்கு இடையே நடப்பவை அல்ல. பக்கச் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றாம்நிலைக் கணக்கில் சேரும்.

மூன்றாம்நிலையில்தான் அட்டவணை நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. 'டைசல்பைடு' என்று முதலில் எழுதியிருப்பதால், வடிவத்தைக் கொடுப்பதே அதுதான் என்று தோன்றிவிடும். பெரும்பாலும் வடிவத்தைக் கொடுப்பது நீரை விரும்பாத பக்கச் சங்கிலிகள். லூசின், ஐசோலூசின், வேலின் போன்றவை தண்ணீரை விட்டு விலகி உள்ளே ஒன்றுகூடுகின்றன, சுருள்கள் அவற்றைச் சுற்றி அடுக்கப்படுகின்றன. அப்படி மடிவதால் சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் பக்கத்தில் வருகின்றன. அப்புறம் டைசல்பைடு பிணைப்பு அந்த வடிவத்தைப் பூட்டுகிறது. இன்சுலினில் ஆறு சிஸ்டீன்கள். மூன்று பிணைப்புகளில் இரண்டு ஏ, பி சங்கிலிகளை இணைக்கின்றன, ஒன்று ஏ சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெளிவான இன்சுலின் கரைசலில் டைதயோத்ரைட்டால் என்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்துக் காத்திருந்தால் கரைசல் வெள்ளையாகக் கலங்கும். டைசல்பைடு அறுந்ததும் ஏ சங்கிலி கரைந்தே இருக்கும். தனித்துப்போன பி சங்கிலி கரைய முடியாமல் வீழ்படிவாகும். இந்தக் கலங்கலை அளந்துதான் தயோரெடாக்சின் என்ற புரதத்தின் செயல்பாட்டை இன்றும் கணக்கிடுகிறார்கள். பெப்டைடு பிணைப்பு ஒன்றுகூட உடையவில்லை, ஆனால் இன்சுலின் போய்விட்டது. பிரிந்த இரண்டு சங்கிலிகளைக் கலந்து மறுபடி சேர்க்கப் பார்த்தால் சரியான ஜோடிகள் குறைவாகவே அமையும். புரோஇன்சுலினாக இருந்தால் நன்றாகவே மடிந்துகொள்ளும். அந்த சி-பெப்டைடு எதற்கு இருந்தது என்பது இப்போது புரியும்.

இனி நான்காம்நிலை. கணையத்தில் இன்சுலின் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதில்லை, ஆறு ஆறாகச் சேமிக்கப்படுகிறது. முதலில் இரண்டு மூலக்கூறுகள் ஜோடி சேரும். அவற்றின் பி சங்கிலி முனைகள் எதிரெதிராகப் படுத்து ஒரு சிறு பீட்டா தகடு ஆகின்றன. அங்கே நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளும், அருகருகே படியும் ஃபினைல்அலனின், டைரோசின் பக்கச் சங்கிலிகளும் பிடித்துக்கொள்கின்றன. இப்படி மூன்று ஜோடிகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடுகின்றன. ஒவ்வொரு அயனியையும் பி சங்கிலியின் 10-ஆம் இடத்து ஹிஸ்டிடின்கள் மூன்று ஈதல் பிணைப்பால் பிடித்திருக்கின்றன. 1969-இல் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் எக்ஸ்-கதிர் படிகவியலால் கண்டது இந்த அறுவர் கூட்டத்தைத்தான்.

இதைக் கலைக்க அமிலமும் வேண்டாம், ஒடுக்கும் பொருளும் வேண்டாம். நீர்த்தாலே பிரிந்துவிடும். ரத்தத்தில் நடப்பது அதுதான், ஏற்பியில் போய் அமர்வது ஒற்றை மூலக்கூறு மட்டுமே. ஆனால் தோலுக்கடியில் ஊசி போட்டால் அந்த இடத்தில் இன்சுலின் அடர்த்தியாக இருப்பதால் பிரிய நேரமாகும். சாதாரண இன்சுலினை உணவுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். லிஸ்ப்ரோ இன்சுலினில் பி சங்கிலியின் 28, 29-ஆம் இடங்களில் உள்ள புரோலினையும் லைசினையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். முதல்நிலையில் இவ்வளவுதான் மாற்றம். ஜோடி சேரும் பிடி தளர்ந்துபோவதால் அது சீக்கிரம் பிரிந்து சீக்கிரம் வேலை செய்கிறது.

ஆனால் "டைசல்பைடு இருந்தால் அது நான்காம்நிலை இல்லை" என்று மாணவி எழுதி வைத்துக்கொள்ள விடாதீர்கள். நம் ரத்தத்திலுள்ள ஐஜிஜி எதிர்ப்பொருளில் இரண்டு கனச் சங்கிலிகள், இரண்டு லேசான சங்கிலிகள். அவை வெவ்வேறு மரபணுக்களிலிருந்து தனித்தனியாக உருவாகி, பிறகு கூடி, டைசல்பைடாலும் இணைகின்றன. அதை நான்காம்நிலை என்றே சொல்கிறோம். தனித்தனியாக உருவான சங்கிலிகள் கூடினவா, ஒரே சங்கிலி மடிந்ததா என்பதுதான் கேள்வி. எந்தப் பிணைப்பு என்பது அதற்கு அடுத்தது. தேர்வில் நான்காம்நிலைக்கு உதாரணம் கேட்டால் ஹீமோகுளோபினை எழுதட்டும். அதில் நான்கு சங்கிலிகளும் சகப்பிணைப்பு ஏதுமில்லாமலே சேர்ந்திருக்கின்றன.