‘எது எவ்வாறிருப்பினும்’ போட்டால் போதுமா?

கேள்வி: ஆங்கில வாடகை ஒப்பந்தங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். ‘ஹியரின்ஆஃப்டர்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’, ‘புரொவைடட் தட்’ மூன்றும் படுத்துகின்றன. அரசுச் சட்டத் தமிழில் எழுதினால் கட்சிக்காரருக்குப் புரிவதில்லை. எளிமையாக எழுதினால் வக்கீல் ஒத்துக்கொள்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் சொல்லில் சிக்கல் குறைவு, அதை முடித்துவிடுவோம். ‘இனிமேல் உரிமையாளர் என்று அழைக்கப்படுவார்’ என்று பலர் எழுதுகிறார்கள். ‘இனிமேல்’ காலத்தைக் குறிக்கும் சொல். இங்கே பேச்சு ஆவணத்தின் அடுத்த பகுதிகளைப் பற்றியது. ‘இந்த ஒப்பந்தத்தில் இதற்குப் பின் “உரிமையாளர்” எனப்படுவார்’ என்றால் போதும். அப்புறம் கடைசிப் பக்கம் வரை அவர் உரிமையாளர்தான். நடுவில் ‘வீட்டுக்காரர்’, ‘குத்தகைக்கு விட்டவர்’ என்று மாற்றினால், அது வேறு ஆளா என்று எதிர்த்தரப்பு கேட்க இடம் கிடைக்கும்.

மற்ற இரண்டும் பெரும்பாலும் ஒரே பிரிவில் சேர்ந்து வரும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பதினோரு மாதம் முடியும் முன் இரு தரப்பும் விலகக் கூடாது என்கிறது பிரிவு 7. ஆனால் தொடர்ந்து இரண்டு மாத வாடகை வராவிட்டால், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து உரிமையாளர் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்கிறது பிரிவு 12. அதற்கும் ஒரு கட்டு உண்டு: நிலுவையைச் சொல்லி முதலில் எழுத்தில் அறிவித்து, பதினைந்து நாள் அவகாசம் தந்து, அதற்குள்ளும் பணம் வராமல் இருக்க வேண்டும்.

‘நாட்வித்ஸ்டாண்டிங்’ வந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும்? இங்கே 12 ஜெயிக்கிறது. அதனால் ‘பிரிவு 7இல் எது கூறப்பட்டிருந்தாலும்’ என்று தொடங்கலாம். சட்டத் தமிழின் ‘எது எவ்வாறிருப்பினும்’ செய்யும் வேலையை இது முழுசாகச் செய்கிறது, படிப்பவருக்கும் புரிகிறது. ‘பிரிவு 7க்கு உட்பட்டு’ என்று எழுதினால் ஜெயிப்பது 7 ஆகிவிடும். உரிமையாளரின் உரிமையே போய்விடும். அவசரத்தில் இந்தத் தவறு நடக்கத்தான் செய்கிறது. வீச்சையும் கவனியுங்கள். மூலம் பிரிவு 7ஐ மட்டும் சொல்லும்போது ‘இந்த ஒப்பந்தத்தில் எது கூறப்பட்டிருந்தாலும்’ என்று எழுதினால், முன்பணத்தைத் திருப்பித் தரும் பிரிவையும் சேர்த்து மீறியதாகிவிடும்.

‘புரொவைடட் தட்’தான் உண்மையில் கடினம். சட்டங்களில் ‘வரம்புரையாக’ என்று போடுவார்கள். அது ஒரு தலைப்பு மாதிரிதான். கீழே வருவது விலக்கா, முன்நிபந்தனையா, கூடுதல் கடமையா என்று சொல்லாது. தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட வழக்கு ஒன்றில் 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும், வரம்புரை விலக்காகவும் வரலாம், கட்டாய நிபந்தனையாகவும் வரலாம், வெறும் பின்சேர்க்கையாகவும் வரலாம் என்று பிரித்துச் சொன்னது. எனவே முதலில் வகையை முடிவு செய்யுங்கள். விலக்கு என்றால் ‘தவிர’. கடமை என்றால் ‘மேலும்… வேண்டும்’. முன்நிபந்தனை என்றால் ‘மட்டுமே’.

வழக்கமான மொழிபெயர்ப்பு இப்படி முடியும்: ‘…ஒப்பந்தத்தை முடிக்கலாம், ஆனால் பதினைந்து நாள் அவகாசம் கொடுக்க வேண்டும்.’ அந்தப் பதினைந்து நாள் ஒரு மாத முன்னறிவிப்புக்குள் அடங்குமா? அவகாசமே கொடுக்காவிட்டால் முடித்தது செல்லுமா? இரண்டுக்கும் பதில் இல்லை. நான் இப்படி எழுதுவேன்:

‘பிரிவு 7இல் எது கூறப்பட்டிருந்தாலும், வாடகைதாரர் தொடர்ந்து இரண்டு மாத வாடகையைச் செலுத்தத் தவறினால், உரிமையாளர் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து இந்த ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஆனால், உரிமையாளர் முதலில் நிலுவையைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் அறிவித்து, பதினைந்து நாள் அவகாசம் அளித்து, அதற்குள்ளும் நிலுவை செலுத்தப்படாமல் இருந்தால் மட்டுமே, இந்தப் பிரிவின்படி முன்னறிவிப்புக் கொடுக்கலாம்.’

இரண்டு வாக்கியமாக உடைத்தது வேண்டுமென்றேதான். தமிழில் வினை கடைசியில் வருவதால், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் நிபந்தனை எந்த வினையைப் பிடிக்கிறது என்று தெரியாமல் போகும். உடைத்தால் தொடர்பு அறுந்துவிடும் என்று வக்கீல் தயங்கினால், ‘இந்தப் பிரிவின்படி’ என்ற சொற்களைக் காட்டுங்கள். கட்டு அங்கேதான் இருக்கிறது. வேறு காரணத்துக்காக ஒப்பந்தத்தை முடிக்கும் இன்னொரு பிரிவு இருந்தால், இந்த நிபந்தனை அதன்மேல் படராமல் தடுப்பதும் அந்தச் சொற்கள்தான்.

பதினைந்து நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று மூலம் சொல்லவில்லை. ‘அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து’ என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். அது புதிய ஷரத்து ஆகிவிடும். ஓரக்குறிப்பில் எழுதி வக்கீலிடம் அனுப்புங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கையெழுத்தாகப் போகிறது என்றால், முரண்பட்டால் எந்த மொழி வடிவம் செல்லும் என்ற பிரிவு இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.