ஷார்ட்ஸில் ஓடுகிறது, ரீல்ஸில் நிற்கிறது

"முருங்கைக்கீரை ஆய்கிற ஒரே 40 வினாடி வீடியோ. யூடியூப் ஷார்ட்ஸில் 9,000 வியூஸ், இன்ஸ்டா ரீல்ஸில் 600. ஷார்ட்ஸிலிருந்து டவுன்லோட் பண்ணித்தான் ரீல்ஸில் ஏற்றினேன். ஏன் இப்படி?"

எண்ணும் முறையில் கோளாறு இல்லைங்க. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, ரீல்ஸிலும் அப்படித்தான். அதனால் 9,000 பேரும் நின்று பார்த்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் Engaged views என்ற எண்தான் அதைச் சொல்லும்.

என் சந்தேகம் டவுன்லோட் மேல்தான். ஷார்ட்ஸிலிருந்து இறக்கினால் யூடியூப் முத்திரை வீடியோவில் ஒட்டிக்கொண்டு வரும். வேறு தளத்தின் முத்திரை தெரிகிற ரீல்ஸை இன்ஸ்டா புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைக்கிறது. சரிபார்க்க, அந்த ரீலின் இன்சைட்ஸில் பின்தொடராதவர்களின் பங்கைப் பாருங்கள். 600-இல் பெரும்பகுதி உங்களைப் பின்தொடர்பவர்களே என்றால், வீடியோ வெளியே போகவே இல்லை. எடிட்டிங் ஆப்பிலிருந்து முத்திரையில்லாத மூலக் கோப்பை எடுத்துப் புதிதாக ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகும் இடைவெளி இருக்கலாம். யூடியூபில் "கீரை ஆய்வது எப்படி" என்று தேடி வருகிறவர் உண்டு. செய்முறை வீடியோவுக்கு அது பெரிய பலம், மாதங்கள் கழித்தும் ஆள் வரும். ரீல்ஸில் புதியவர்களிடம் போக, பார்த்தவர் இன்னொருவருக்கு அனுப்புவதுதான் முக்கியம். அம்மாவுக்கோ தோழிக்கோ அனுப்பத் தோன்றும் அந்தக் காட்சி, காம்பை உருவியதும் இலை மொத்தமாக உதிர்வது, உங்கள் வீடியோவில் எத்தனையாவது வினாடியில் வருகிறது? ரீலுக்கு மட்டும் அதை முதல் 3 வினாடிக்குள் கொண்டுவந்து பாருங்கள்.