டிக்கெட் ரத்தானால் வரியுமா போய்விடும்?

கேள்வி: ஆனித் தேரோட்டத்துக்கு மகள் சென்னையிலிருந்து வருவதற்காக, இங்கே ஒரு டிராவல்ஸில் வாகைக்குளத்துக்கு விமான டிக்கெட் போட்டோம். விடுமுறை கிடைக்கவில்லை; முந்தின நாளே ரத்து செய்தோம். சலுகைக் கட்டணம், ஒரு பைசாவும் திரும்பாது என்கிறார் ஏஜென்ட். ஒரு மாதமாக அலைகிறேன். வரியும் போய்விட்டதா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பைசாவும் திரும்பாது என்பது தவறு. ரத்துக் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் தாண்டக் கூடாது என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. சலுகை டிக்கெட்டானாலும், பயணி விமானத்துக்கே வராமல் போனாலும், சட்டப்படியான வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் அவருக்குத் திரும்ப வேண்டும்.

டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 3,400, அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 170, பாதுகாப்புக் கட்டணம் 236, பயனர் மேம்பாட்டுக் கட்டணம் 300, ஏஜென்டின் சேவைக் கட்டணம் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரத்துக் கட்டணம் 3,400-ஐயும் விழுங்கிவிட்டாலும் 236-ம் 300-ம் சேர்ந்து 536 ரூபாய் உங்களுடையது. அந்த 170 மட்டும் வராது. ரத்துக் கட்டணத்துக்கும் பயணத்துக்குரிய அதே விகிதத்தில் ஜி.எஸ்.டி. உண்டு என்று 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் தெளிவுபடுத்திவிட்டது. ஏஜென்டின் 250-ஐயும் மறந்துவிடுங்கள். விமானத்தை நிறுவனமே ரத்து செய்திருந்தால் கதை வேறு. அடிப்படைக் கட்டணமும் சேர்ந்தே திரும்பும்.

தாமதத்துக்குக் காரணம் பணம் போகும் பாதை. உங்கள் கார்டில் நேராக வாங்கிய டிக்கெட் என்றால் நிறுவனம் அந்தக் கார்டுக்கே திருப்பும். விதிப்படி 7 நாள். ஏஜென்ட் மூலம் வாங்கியதை, அவர் நிறுவனத்திடம் முன்பணம் கட்டி வைத்திருக்கும் கணக்கில்தான் வரவு வைப்பார்கள். சின்ன டிராவல்ஸ்கள் பலவும் பெரிய ஏஜென்சி ஒன்றின் கிளைபோல இயங்குபவை. அங்கே பணம் முதலில் பெரியவர் கணக்கில் விழுந்து, பிறகு இவருக்கு வந்து, கடைசியில் உங்களிடம் வர வேண்டும். கணக்கில் விழுந்த தொகையில் அடுத்தவருக்கு டிக்கெட் போட்டுவிட்டு உங்களை ‘நாளைக்கு வாருங்கள்’ என்பவர்களும் உண்டு. பதிவில் உங்கள் எண்ணுக்குப் பதில் ஏஜென்டின் எண் இருந்தால் குறுஞ்செய்தியும் உங்களுக்கு வராது.

ஆனால் விதி இந்தச் சாக்கை ஏற்பதில்லை. ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் பிரதிநிதி. எனவே பணம் திரும்புவதற்கு நிறுவனமே பொறுப்பு. ஏஜென்ட் வழி டிக்கெட்டுக்கு நெடுங்காலமாக இருந்த கெடு 30 வேலை நாட்கள். அதைக் குறைக்கும் வரைவு 2025 நவம்பரில் வெளியானது.

பி.என்.ஆர். எண்ணோடு விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எந்த ஏஜென்சி கணக்கில் வரவானது என்று மூன்றையும் கேளுங்கள். தேதி கிடைத்தால் பணம் ஏஜென்ட் பக்கம் தங்கியிருக்கிறது. அந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள். வரவே வைக்கவில்லை என்று தெரிந்தால், ரத்துக் கோரிக்கையை ஏஜென்ட் அனுப்பினாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் மசியாவிட்டால் ஏர்சேவா தளத்தில் விமான நிறுவனத்தின் பெயரிலேயே புகார் பதியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. 536 ரூபாய்க்கு நெல்லை நுகர்வோர் ஆணையம் வரை போவது உங்கள் விருப்பம். பெரும்பாலும் ஏர்சேவா புகாரிலேயே ஏஜென்டின் குரல் மாறிவிடும்.