லொறிக் கம்பனியிடம் மாதாந்த விலை கேட்கும் கடிதம்: தூரம் மட்டும் எழுதினால் போதாது

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சின்னதாக மிளகாய்த்தூள், கறித்தூள் பொதி செய்யும் தொழில் நடத்துகிறோம். மாதாமாதம் நீர்கொழும்பு, குருநாகல், கண்டி கடைகளுக்கு லொறியில் சாமான் அனுப்ப வேண்டும். தூரம் மாறாது. விலை கேட்டுக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும், என்ன எழுதுவது?

பதில்: நான் கொழும்பில் ஒரு விநியோக நிறுவனத்தில் சாமான் அனுப்பும் பகுதியைப் பார்க்கிறவன். இந்த மாதிரிக் கடிதங்களை எழுதுவதும் வரும் விலைகளை ஒப்பிடுவதும்தான் என் வேலை. தூரம் மாறாது என்பதால் "கிலோமீற்றருக்கு எவ்வளவு?" என்று கேட்கத்தான் முதலில் தோன்றும். அப்படிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஹயருக்கு முழுத்தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.

குருநாகலை எடுத்துக்கொள்வோம். உங்கள் வாசலிலிருந்து கடை வரை சுமார் 95 கிலோமீற்றர், போய்வர 190. ஒரு கம்பனி கிலோமீற்றருக்கு 130 ரூபா என்கிறது என்று வையுங்கள் (தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை). 24,700 ரூபா என்று நினைப்பீர்கள். ஆனால் அவர்களுடைய லொறி ஹோமாகமவில் நிற்கிறது. மீற்றரை அங்கே கராஜில் தொடங்கி, திரும்ப அங்கே வந்துதான் நிறுத்துவார்கள். போக 25, வர 25 சேர்ந்து மொத்தம் 240 கிலோமீற்றர் ஆகிவிடும். பில் 31,200 ரூபாவாக வரும். இன்னொரு கம்பனி "குருநாகல் ஹயர் 28,000" என்று சொன்னபோது அது கூடுதலாகப் பட்டிருக்கும். உண்மையில் அதுதான் குறைவு.

ஒரே கிலோமீற்றர் விலையை எல்லா ஊருக்கும் போடுவதும் சரிவராது. கண்டிக்குக் கடுகண்ணாவ ஏற்றம் இருக்கிறது, பாரத்தோடு ஏறும் லொறி டீசல் குடிக்கும். நீர்கொழும்புக்குத் தூரம் குறைவு, ஆனால் நெரிசலில் நேரம் போகும். அதிவேகப் பாதையால் போனால் அந்தக் கட்டணம் யாருடையது என்ற கேள்வி வரும். ஊருக்கு ஊர் தனி விலை கேட்டால் இதெல்லாம் அவர்கள் கணக்குக்குள்ளேயே வந்துவிடும்.

அடுத்தது காத்திருப்பு நேரம். வெள்ளிக்கிழமை லொறி பகல் பன்னிரண்டு மணி போலக் குருநாகல் போய்ச் சேர்கிறது. கடைக்காரர் ஜும்ஆவுக்குப் போய்விட்டார், கடை பூட்டு. அவர் வந்து திறந்த பிறகு, ஒழுங்கைக்குள் லொறி போகாததால் பெட்டிகளைத் தோளில் சுமந்து கொண்டுபோய் இறக்க வேண்டியிருக்கிறது. அங்கேயே இரண்டரை மணி நேரம் போய்விடும். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், மாதக் கடைசியில் காத்திருப்புக் கூலி, இறக்குகூலி என்று தனியாக பில் வரும். அதனால் கடைகள் திறக்கும் நேரம், லொறி எதுவரை போகும், எத்தனை பேர் இறக்க வேண்டும் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

பாரத்தையும் அளவையும் சேர்த்தே எழுதுங்கள். தூள் பெட்டிகள் சின்னவை, ஆனால் பாரம். லொறியில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே நிறை நிரம்பிவிடும். எந்த லொறி என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

> முகாமையாளர் அவர்கட்கு,
>
> விடயம்: மாதாந்தப் பொருள் விநியோகத்துக்கான விலைமனுக் கோரல்
>
> கொழும்பு 13, கொட்டாஞ்சேனையிலுள்ள எமது நிறுவனத்திலிருந்து கறித்தூள் பெட்டிகளைக் கீழ்க்காணும் இடங்களுக்கு மாதந்தோறும் அனுப்ப உத்தேசித்துள்ளோம்.
>
> நீர்கொழும்பு (ஒருவழி சுமார் 37 கி.மீ.), மாதம் 4 தடவை
> குருநாகல் (சுமார் 95 கி.மீ.), மாதம் 2 தடவை
> கண்டி (சுமார் 115 கி.மீ.), மாதம் 2 தடவை
>
> ஒரு தடவைக்கு 200 பெட்டிகள் வரை. ஒரு பெட்டி 12 கிலோ, மொத்தம் 2,400 கிலோ. பெட்டியின் அளவு 16 x 12 x 10 அங்குலம். ஈரம் படக்கூடாது என்பதால் மூடிய லொறி தேவை. காலை 6 மணிக்கு எமது ஆட்கள் ஏற்றித் தருவார்கள். இறக்குவதற்கு உங்கள் உதவியாளர் இருவர் வேண்டும். குருநாகலில் பிரதான வீதியில் நிறுத்தி, சுமார் 40 அடி சுமக்க வேண்டும்.
>
> ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவைக்கான முழுத்தொகையைத் தனித்தனியே தரவும். கராஜிலிருந்து வந்து திரும்பும் ஓட்டம், சாரதி மற்றும் உதவியாளர் சம்பளம், அதிவேகப் பாதைக் கட்டணம், இறக்குமிடத்தில் 2 மணி நேரக் காத்திருப்பு ஆகியவை அத்தொகையில் அடங்க வேண்டும். அதற்கு மேற்பட்ட காத்திருப்புக்கு மணிக்கு எவ்வளவு எனக் குறிப்பிடவும். திரும்பும் வழியில் வேறு சாமான் ஏற்றுவதில் எமக்கு ஆட்சேபனை இல்லை.
>
> விலை எந்த டீசல் விலையை அடிப்படையாகக் கொண்டது, ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை லீற்றர் செலவாகும் என்பதையும், வற் வரி சேர்ந்ததா என்பதையும், வழியில் சாமான் சேதமானால் பொறுப்பு யாருடையது என்பதையும் தெரிவிக்கவும். கொடுப்பனவு மாத இறுதி பில்லுக்கு 14 நாட்களுக்குள். டீசல் விலை மாற்றத்துக்கு மேற்படி லீற்றர் கணக்கில் கூட்டிக் குறைப்பது தவிர, விலை 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும்.
>
> இப்படிக்கு,

திரும்பும் சாமான் பற்றிய அந்த வரியை வெட்டிவிடாதீர்கள். கண்டியிலிருந்து கொழும்புக்கு லோட் கிடைக்கிற கம்பனிக்கு வெறும் லொறி ஓட்டும் நட்டம் இல்லை, உங்கள் விலையைக் குறைக்க இடமிருக்கும்.

டீசல் லீற்றர் ஏன் என்று கேட்பீர்கள். இங்கே எரிபொருள் விலையை மாதக் கடைசியில் திருத்துவது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரே விலை என்று எந்தக் கம்பனியும் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளாது, அது நியாயமும்தான். ஆனால் எப்படிக் கூட்டுவது என்பதில் கவனம் வேண்டும். டீசல் 280 ரூபாவிலிருந்து 300 ஆனால் அது 7 வீதம். ஹயர் காசையும் 7 வீதம் கூட்டினால் 28,000க்குக் கிட்டத்தட்ட 2,000 ரூபா ஏறும். அதே லொறி லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் 240 கிலோமீற்றருக்கு 30 லீற்றர்தான். லீற்றருக்கு 20 ரூபா என்றால் கூடவேண்டியது 600. சாரதி சம்பளமும் லொறி லீசிங்கும் டீசலோடு சேர்ந்து ஏறுவதில்லையே. லீற்றர் எண்ணிக்கை எழுத்தில் இருந்தால் விலை இறங்கும்போதும் அதே கணக்கில் குறைக்கச் சொல்லலாம்.

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். நீங்கள் வற்றுக்குப் பதிவு செய்யாத சின்னத் தொழில் என்றால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, முழுக்க உங்கள் செலவு. ஆகவே பதிவு செய்த கம்பனியின் விலையை வரியோடு சேர்த்துத்தான் பதிவில்லாத லொறிக்காரரின் விலையோடு ஒப்பிட வேண்டும். லொறிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கிறது என்று சொன்னால் அது உங்கள் பெட்டிகளுக்குப் பொருந்தாது. சாமானுக்குத் தனிக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள்.

கடிதத்தை மூன்று கம்பனிக்காவது ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் பரவாயில்லை. பதிலில் ஏதாவது விடுபட்டிருந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே விலை பேச உட்காருங்கள்.