வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலையும் எஸ்க்ரோவில் நிற்கும் பணமும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர், மைல்ஸ்டோன் என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் பணம் பேசிய வேலை, வராத பணம். தனித்தனியாகச் சொல்கிறேன்.

வேலையை ஒப்படைத்துப் பத்து நாளாகிவிட்டது, வாடிக்கையாளர் பேசவே இல்லை. டிஸ்பியூட் போடலாமா?

அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முக்கியமானதை எழுதவில்லை: வேலையைச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினீர்களா, வெறும் மெசேஜில் கோப்பை அனுப்பினீர்களா? அழுத்தியிருந்தால் அவருக்குப் பார்த்துச் சொல்ல 14 நாள் இருக்கிறது. அதற்குள் எதுவும் செய்யாவிட்டால் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும் வரை தளம் பிடித்து வைத்திருக்கும் கணக்கில், நிற்கும் பணம் தானாக விடுவிக்கப்படும். சும்மா இருங்கள், தளத்திடம் டிஸ்பியூட் என்று தகராறு முறையீடு போட வேண்டாம். மெசேஜில் மட்டும் அனுப்பியிருந்தால் அந்த 14 நாள் கணக்கு தொடங்கவே இல்லை. இன்றே அழுத்துங்கள்.

மணிக்கணக்கு வேலை. நேரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வார முடிவில் கையால் ஏற்றினேன். வாடிக்கையாளர் மறுக்கிறார்.

கையால் ஏற்றிய நேரத்துக்கு அப்வொர்க்கின் மணிக்கணக்குப் பாதுகாப்பு கிடையாது. செயலியை ஓடவிட்டு, அது எடுத்த ஸ்கிரீன்ஷாட்களோடும் நீங்கள் எழுதிய குறிப்போடும் பதிவான நேரத்துக்கு மட்டும்தான் உண்டு. நோட்டுப் புத்தகம் உங்கள் ஞாபகத்துக்கு உதவும், பணத்துக்கு உதவாது.

அண்ணே, 40 பக்கப் பொருள் பட்டியல் வடிவமைத்தேன். மூன்று மைல்ஸ்டோன், மொத்தம் 300 டாலர். முதல் 60 வந்துவிட்டது. இரண்டாவதுக்கான 30 பக்கத்தையும் கூடுதலாக 12 பக்கத்தையும் கொடுத்தேன், மூன்றாவதையும் முடித்துவிட்டேன். இப்போது அவர் "வேலை ஒழுங்காக வரவில்லை" என்று ஒப்பந்தத்தை முடித்து, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கிறேன். ஜெயிப்பேனா?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லயத்து வீட்டில் இரவு 11 மணிக்கு மேல் லைன் நன்றாக இருக்கும்போது உட்கார்ந்து செய்த வேலை என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன். கோபமும் வருகிறது, மறைக்கவில்லை. "எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது" என்ற வாக்கியத்தை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! நானே ஒரு காலத்தில் அந்தத் தப்பைச் செய்தவன். ஓர் இயந்திரக் கையேட்டை மொழிபெயர்த்தபோது வாடிக்கையாளர் போனில் திருத்தம் சொன்னார், நான் எழுத்தில் வாங்கவில்லை. பின்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். ஏறக்குறைய 400 ரிங்கிட் போனது.

முதலில் நாள் கணக்கு. அவர் எஸ்க்ரோ பணத்தைத் திருப்பிக் கேட்டது 20ஆம் தேதி. நீங்கள் பதில் சொல்ல 7 நாள்தான். சும்மா இருந்தால் பணம் தானாக அவரிடம் திரும்பிப் போய்விடும். மனவருத்தத்தில் அந்த அறிவிப்பைத் திறக்காமலே வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். அதைத்தான் செய்யக் கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தக் கோரிக்கையை மறுத்து, டிஸ்பியூட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்புறம், எவ்வளவு பணத்துக்காக நிற்கிறீர்கள் என்று தெளிவாகிக்கொள்ளுங்கள். மூன்றாவது மைல்ஸ்டோனில் அவர் பணமே போடவில்லை. எஸ்க்ரோவில் இல்லாத பணத்தை யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. கூடுதல் 12 பக்கம் எந்த மைல்ஸ்டோனிலும் இல்லை. எனவே உங்கள் சண்டை இரண்டாவது மைல்ஸ்டோனின் 180 டாலருக்கு மட்டும். மூன்றாவதன் 60ஐயும் கூடுதல் 12 பக்கத்தையும் சேர்த்துப் புலம்பினால், பார்ப்பவர் கண்ணில் உங்கள் நியாயமான 180உம் மங்கிப்போகும். மறுபடியும் சொல்கிறேன், இந்தப் பகுதியில் நூறு முறை சொன்னதுதான்: பணம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மைல்ஸ்டோனின் முதல் கோட்டை வரைய வேண்டும்.

இப்போது ஆதாரம். தளத்தின் சார்பில் சமரசம் பேச வருகிறவர் உங்கள் வடிவமைப்பு அழகா என்று பார்க்க மாட்டார். என்ன ஒப்புக்கொண்டீர்கள், அது போய்ச் சேர்ந்ததா, எப்போது சேர்ந்தது என்றுதான் பார்ப்பார். உங்கள் மைல்ஸ்டோன் விவரத்தில் "பகுதி 2" என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு கவனக்குறைவு! "பக்கம் 11 முதல் 40 வரை, ஏ4, இரண்டு முறை திருத்தம்" என்று ஒரே வரி இருந்திருந்தால் பாதிச் சண்டை முடிந்திருக்கும். பரவாயில்லை, அவருடைய வேலை அறிவிப்பும் உங்கள் விண்ணப்பமும் ஒப்பந்தத்தோடு அங்கேயே இருக்கின்றன. அறிவிப்பில் 40 பக்கம், ஏ4 என்று அவரே எழுதியிருக்கிறார். அதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

ஒப்பந்தம் போட்ட பிறகு வாட்ஸ்அப்பில் பேசுவது விதிமீறல் இல்லை. ஆனால் தளம் அதைப் பார்க்க முடியாது, நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அனுப்பியவர் தன் செய்தியை "எல்லோருக்கும் நீக்கு" என்று இரண்டு நாளுக்குள் அழிக்கலாம். மறையும் செய்திகளை இயக்கியிருந்தால் தானாகவும் போகும். ஆகவே முழு உரையாடலையும் இன்றே ஏற்றுமதி செய்து .txt கோப்பாக எடுங்கள், அதில் ஒவ்வொரு வரிக்கும் தேதியும் நேரமும் இருக்கும். நீங்கள் எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களில் மேலே பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டீர்கள். யார், எப்போது சொன்னது என்று தெரியாத படம் வெறும் படம்தான். பெயர், தேதி, முன்னும் பின்னும் இரண்டு செய்தி தெரியும்படி மறுபடி எடுங்கள். குரல் செய்திகளுக்கு ஆங்கிலத்தில் எழுத்து வடிவம் எழுதி, குரல் கோப்பையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது டிரைவ் லிங்க். 14ஆம் தேதி திருத்திய கோப்பைப் பழைய கோப்பின் மேலேயே ஏற்றியதாகச் சொல்கிறீர்கள். பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்பை டிரைவ் 30 நாள்தான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கி, பதிப்புகளைப் பார்க்கும் இடத்துக்குப் போய், 10ஆம் தேதிப் பதிப்பை இறக்கி வையுங்கள். "என்றைக்கும் வைத்திரு" என்ற தேர்வையும் போடுங்கள். அதுதான் நீங்கள் முதலில் கொடுத்ததன் சாட்சி. சாதாரண ஜிமெயில் கணக்கில் யார் எப்போது திறந்தார் என்று காட்டாது. அதனால் அவர் கோப்பில் எழுதிய கருத்துகளும், "பக்கம் 17இல் விலையை மாற்று" என்று வாட்ஸ்அப்பில் கேட்டதும்தான் அவர் பார்த்தார் என்பதற்கு ஆதாரம். பார்க்காதவர் 17ஆம் பக்கத்தைச் சொல்ல முடியாது அல்லவா?

தாமதம் என்ற அவரது புகாருக்கும் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. கெடு 9ஆம் தேதி. வாட்ஸ்அப் 10ஆம் தேதி காலை 6.30 என்று காட்டுகிறது, அது மலேசிய நேரம். தளம் கணக்கிடும் உலகப் பொது நேரம் 8 மணி பின்னால், அதாவது 9ஆம் தேதி இரவு 10.30. கெடுவுக்குள் கொடுத்திருக்கிறீர்கள். இதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் தேதியைப் பார்க்கிறவர் தாமதம் என்றே நினைப்பார்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்க ஒரு அட்டவணை போதும்: தேதி, என்ன நடந்தது, ஆதாரக் கோப்பின் எண். ஆறு ஏழு வரி. அறுபது ஸ்கிரீன்ஷாட்டைக் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். 30 பக்கத்தையும் தளத்தின் மெசேஜிலேயே இணைத்து, "பக்கம் 11 முதல் 40 வரை, உலகப் பொது நேரப்படி முதலில் 9ஆம் தேதி கொடுத்தது" என்று அமைதியாக எழுதுங்கள். ஒப்பந்தம் முடிக்கப்படும்போது சமர்ப்பிக்கும் பொத்தான் இல்லாமல் போகலாம், மெசேஜ் வழியே போதும். திட்டிய வரி ஒன்று கூட வேண்டாம். அதையும் அவர்கள் படிப்பார்கள்.

சமரசம் பேசுகிறவர் சொல்வது பரிந்துரைதான், கட்டாயத் தீர்ப்பு இல்லை. ஒத்துவராவிட்டால் அடுத்த படி கட்டணம் கட்டி நடுவர் தீர்ப்புக்குப் போவது. அந்தக் கட்டணமே உங்கள் 180 டாலரைத் தாண்டிவிடும், அங்கே போக வேண்டாம். அவர் 130, 140 என்று இறங்கி வந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் 90க்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், உங்கள் ஆதாரம் அதைவிட வலுவானது.

வாடிக்கையாளர் பணத்தை விடுவித்துவிட்டார். இனி அவர் எதுவும் செய்ய முடியாதுதானே?

முடியும். அப்வொர்க்கில் கடைசி மைல்ஸ்டோன் பணம் விடுவித்த 30 நாள் வரை டிஸ்பியூட் எழுப்பலாம். அதுவரை ஆதாரக் கோப்புகளை அழிக்காதீர்கள். பணம் வந்த சந்தோஷத்தில் கைப்பேசியைச் சுத்தம் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஊரிலேயே ஒருவரிடம் கல்யாண வீடியோவுக்கு முன்பணம் கொடுத்தேன், எந்தத் தளமும் இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை.

தளம் இல்லையென்றால் எஸ்க்ரோவும் இல்லை, ஆனால் வழி இருக்கிறது. நீங்கள் நுகர்வோர் என்பதால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், வரம்பு 50,000 ரிங்கிட், உரிமை எழுந்த 3 வருடத்துக்குள். வங்கி மாற்ற ரசீதும், அவர் தொகையையும் தேதியையும் ஒப்புக்கொண்ட செய்தியும் கையில் இருக்கட்டும். அந்த வீடியோக்காரர் தம்பிக்கும் ஒரு விஷயம்: வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் தராவிட்டால் இந்தத் தீர்ப்பாயம் உங்களுக்கு உதவாது. 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைக்குப் போக வேண்டும், அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

டிஸ்பியூட்டில் வென்றதாக மின்னஞ்சல் வந்தது. பணத்தை விடுவிக்க 150 ரிங்கிட் "செயல்முறைக் கட்டணம்" வங்கியில் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். தளம் தன் கட்டணத்தை வர வேண்டிய பணத்திலிருந்தே கழித்துக்கொள்ளும், உங்கள் வங்கியிலிருந்து தனியாகக் கேட்காது. மின்னஞ்சல் லிங்கைத் தொடாமல் நீங்களே தளத்தைத் திறந்து உங்கள் டிஸ்பியூட் பக்கத்தைப் பாருங்கள். ஏற்கனவே போட்டிருந்தால் இப்போதே மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.