குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்துவிட்டார், பிறகு ஏன் ஒரு நாள் படுக்கை?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. கிளிபென்கிளமைடு 5 மி.கி. மாத்திரை, காலையும் இரவும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலை எழுப்பினால் எழவில்லை, சுகர் 36. மருத்துவமனையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் போட்டதும் பத்து நிமிடத்தில் பேசினார், சுகர் 190. அப்படியும் ஒரு நாளுக்கு மேல் வைத்து, மணிக்கு ஒரு தடவை சுகர் பார்த்து, ஆக்ட்ரியோடைடு என்று ஓர் ஊசியும் போட்டு பில்லில் சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் தேவைதானா? வீட்டிலேயே குளுககான் ஊசி வாங்கி வைத்தால் அடுத்த தடவை இந்தச் செலவு மிச்சமாகுமா?

பதில்: தேவைதான். அந்த பில்லில் நான் கேள்வி கேட்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய இரண்டு வரிகள் உண்டென்றால், அது மணிக்கொரு சுகர் பரிசோதனையும் அந்த ஆக்ட்ரியோடைடு ஊசியும்தான். 190 என்று பார்த்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் ஆபத்தான நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏன் என்று புரிய, அந்த மாத்திரை கணையத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சுவரில் பொட்டாசியம் சேனல் என்ற நுண்ணிய வாசல்கள் நிறைய இருக்கின்றன. பட்டினியாக இருக்கும்போது அவை திறந்திருக்கும், பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், செல் அமைதியாக இருக்கும். சாப்பிட்டதும் குளுக்கோஸ் செல்லுக்குள் போய் எரிகிறது, அதில் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு கூடுகிறது, அந்த ஏடிபி வந்து இந்த வாசலை மூடுகிறது. பொட்டாசியம் வெளியேற முடியாமல் போனதும் செல் சுவரின் மின்னழுத்தம் மாறி, கால்சியத்துக்கான வேறொரு வாசல் திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் இன்சுலின் பைகள் உடைந்து ரத்தத்தில் கொட்டுகின்றன. அதாவது சாப்பாடு வந்திருக்கிறதா என்று பார்த்துத் திறந்து மூடும் வாசல் இது. அழகான ஏற்பாடு.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு எல்லாம் சல்ஃபோனைல்யூரியா வகை. இவை அந்த வாசலின் ஒரு பாகத்தில், எஸ்யுஆர்-1 என்று பெயர், நேராகப் போய் ஒட்டிக்கொண்டு வாசலை மூடிவிடும். சாப்பிட்டாரா இல்லையா என்று மாத்திரைக்குத் தெரியாது. சுகர் 300 இருந்தாலும் மூடும், 60 இருந்தாலும் மூடும். சாதாரண நாளில் அதுதான் மருந்தின் பலன். சாப்பிடாத நாளில் அதே வேலை ஆளைச் சாய்த்துவிடும், ஏனென்றால் சுகர் இறங்கினால் இன்சுலின் தானாக நிற்க வேண்டும் என்ற பாதுகாப்பையே மாத்திரை எடுத்துவிட்டது.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். கிளிபென்கிளமைடு கல்லீரலில் உடைந்த பிறகும் அதன் துண்டுகளுக்குச் சுகரைக் குறைக்கும் வேகம் உண்டு, அவை வெளியேறுவதற்குச் சிறுநீரகமும் வேண்டும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டு, 74 வயதுச் சிறுநீரகம் சுணங்கினால், புதிதாகப் போட்ட மாத்திரைகள் பழையதன் மேல் அடுக்கிக்கொண்டே போகும். மருத்துவமனை அறிக்கையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள்.

சரி, இப்போது அந்த 190. ஒரு பெரியவரின் ரத்தம் ஐந்து லிட்டர் என்றால், சுகர் 100 இருக்கும்போது அதில் மிதக்கும் மொத்தக் குளுக்கோஸ் வெறும் 5 கிராம். 50 சதவீதக் குளுக்கோஸ் 50 மி.லி. செலுத்தினால் ஒரே மூச்சில் 25 கிராம் போகிறது. மூளைக்கு உடனே தீனி கிடைக்கிறது, ஆள் எழுகிறார். ஆனால் பாருங்கள், பீட்டா செல்லும் அதே குளுக்கோஸைப் பார்க்கிறது. மாத்திரையால் ஏற்கெனவே தூண்டப்பட்ட செல்லுக்கு மேலும் குளுக்கோஸ் கொடுத்தால், மிச்சம் மீதி திறந்திருந்த வாசல்களும் மூடி, இன்சுலின் இன்னும் கொட்டும். அதனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுகர் மறுபடி 50, 60 என்று சரிவது இந்த மாத்திரையில் சகஜம். திரும்பக் குளுக்கோஸ், திரும்ப இன்சுலின், திரும்பச் சரிவு. குளுக்கோஸ் விழுந்த சுகரைத் தூக்கும், மூடிய வாசலைத் திறக்காது.

இந்தச் சுற்றை வெட்டுவதுதான் ஆக்ட்ரியோடைடு. உடம்பில் இயல்பாக இருக்கும் சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோனின் நகல் அது. பொட்டாசியம் வாசலை அது தொடுவதில்லை, அடுத்த கட்டத்தில் கால்சியம் உள்ளே வருவதையும் இன்சுலின் பைகள் உடைவதையும் தடுக்கிறது. வாசல் மூடியே கிடந்தாலும் இன்சுலின் வராது. வழக்கமாக 50 முதல் 100 மைக்ரோகிராம், தோலுக்கடியில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அந்த வாசலையே நேராகத் திறக்கும் டையசாக்சைடு என்ற மருந்தும் உண்டு, ஆனால் அது ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் இப்போது இதற்கு ஆக்ட்ரியோடைடுதான் முதலில். அதன் வேகம் தீர்ந்த பிறகு சுகர் மறுபடி இறங்குகிறதா என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த இரண்டாம் நாள் காலை எதற்கு என்றால் இதற்குத்தான்.

குளுககான் பற்றி. அது கல்லீரலில் சேமித்த மாவுச்சத்தை உடைத்து ரத்தத்தில் விடும். இரண்டு நாள் சாப்பிடாதவரின் கல்லீரலில் சேமிப்பு குறைவு, பெரிதாக ஏறாது. அதோடு குளுககானே பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலினைக் கூட்டும். நினைவில்லாதவருக்கு வேறு எதுவும் கையில் இல்லை, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் போடலாம், தப்பில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் பதிலாக என்று நினைத்து வாங்காதீர்கள், அந்தச் செலவு மிச்சமாகாது.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியது சாதாரணக் குளுக்கோஸ் பொடியோ மாத்திரையோதான். சுகர் 70க்குக் கீழே, ஆனால் ஆள் தெளிவாக விழுங்குகிறார் என்றால் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம், ஏறியதும் கொஞ்சம் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதிக்கும். அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரையும் போடுகிறார் என்றால் வீட்டுச் சர்க்கரை குடலில் மெதுவாகத்தான் உடையும், அப்போது குளுக்கோஸேதான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அப்புறம், குளுக்கோஸில் தெளிந்துவிட்டாலும் இந்த வகை மாத்திரை போடுபவரை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுகர் மாத்திரை வாங்கும்போது அட்டையின் பெரிய பெயரைப் பார்க்காதீர்கள், கீழே பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருள் வரியைப் படியுங்கள். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய, இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்து ஒரே வகையை இரட்டிப்பாகப் போடுபவர்கள் உண்டு. உங்கள் அப்பாவின் அடுத்த மாத அட்டையை இப்போதைக்கு வாங்காமல், கிரியாட்டினின் அறிக்கையோடு மருத்துவரிடம் போய், இந்த வயதுக்கு கிளிபென்கிளமைடு தொடர வேண்டுமா, வேறு மாற்றலாமா, சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.