பிரசுரமே ஆகவில்லை, எதைக் காட்டுவது? கன்டென்ட் ரைட்டிங் கேள்வி-பதில்

பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். சின்ன கம்பெனிகளின் வெப்சைட்டுக்கு எழுத ஆசை. எங்கே விண்ணப்பித்தாலும் போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள். என் எழுத்து எதிலுமே வந்ததில்லை. எதைக் காட்டுவது? (அரூர் வாசகி)

வேலை கொடுப்பவருக்கு நீங்கள் பிரசுரமானவரா என்பது முக்கியமில்லை. தன் கடைக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னால் உங்களால் எழுத முடியுமா என்றுதான் பார்க்கிறார். அதனால் அந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக் காட்டிவிடுங்கள். கல்லூரியில் எழுதிய கட்டுரையும், பெண் கல்வி பற்றிய பேச்சும் வேண்டாம். அவற்றை வைத்து யாரும் எதையும் விற்க முடியாது.

நம்ம பக்கத்தில் இருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி என்று வைத்துக்கொள்வோம். அதன் வெப்சைட் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்: வெல்கம், நாங்கள் லீடிங் மேனுஃபேக்சரர், குவாலிட்டிதான் எங்கள் தாரக மந்திரம். முந்நூறு வார்த்தை படித்து முடித்தாலும் என்ன மாம்பழத்தில் கூழ் போடுகிறார்கள் என்பதே தெரியாது.

அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் யார்? எங்கோ ஒரு ஜூஸ் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர். அவருக்குத் தெரிய வேண்டியது நான்கைந்து விஷயம்தான். எந்த ரகம்? நாம் பெங்களூரா என்று சொல்வதை அவர் தோத்தாபுரி என்றுதான் தேடுவார், எனவே அந்தப் பெயர் வர வேண்டும். கூழில் இருக்கும் சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு எவ்வளவு? தோத்தாபுரிக் கூழுக்குக் குறைந்தது 14 என்று போடுவது வழக்கம், அல்போன்சாவுக்கு 16. எதில் அடைத்து வரும்? கிருமி நீக்கிய பையில் நிரப்பி இரும்பு டிரம்மில் வைக்கும் அசெப்டிக் முறை என்றால் டிரம்முக்கு 215 கிலோ. ஒரு இருபதடி கன்டெய்னருக்கு 80 டிரம், அதாவது 17 டன் சொச்சம். அப்புறம், குறைந்தபட்சம் எவ்வளவு வாங்க வேண்டும், சோதித்துப் பார்க்கச் சிறு அளவு அனுப்புவார்களா? இவ்வளவுதான்.

இதில் முதல் மூன்று விஷயம் பக்கத்தின் முதல் அறுபது வார்த்தைக்குள் வந்துவிட வேண்டும். கீழே சீசன் எப்போது, எப்படிப் பிழிகிறார்கள், குளிர்பதனம் இல்லாமல் அசெப்டிக் கூழ் ஏன் கெடாமல் நிற்கிறது என்று விரித்துக்கொள்ளலாம். கூகுளில் தெரியும் தலைப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஏறக்குறைய அறுபது எழுத்துக்குமேல் போனால் கூகுள் வாலை வெட்டிவிடலாம். உதாரணத்துக்கு, இப்படி:

```
<title>Totapuri Mango Pulp in 215 kg Aseptic Drums | Krishnagiri</title>
```

ரகம், பேக்கிங், ஊர் மூன்றும் இருக்கிறது. லீடிங் இல்லை.

இந்த விவரமெல்லாம் எங்கே கிடைக்கும் என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார், போய்க் கேளுங்கள். கேட்டும் கிடைக்காததை விட்டுவிடுங்கள். இல்லாத தரச்சான்றிதழையும், வராத வாடிக்கையாளர் சொன்ன பாராட்டையும் இட்டுக்கட்டாதீர்கள். பக்கத்தின் தலையில் இது பயிற்சிக்காக எழுதிய மாதிரி, எந்த கம்பெனிக்கும் எழுதியதல்ல என்று ஒரு வரி போடுங்கள். இதை எல்லாக் கேள்வி-பதிலிலும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

எத்தனை சாம்பிள் வைக்கலாம்? (ஓசூர் வாசகர்)

மூன்று. நாலாவதை யாரும் திறப்பதில்லை. மூன்றும் வேறு வேறு வகையாக இருக்கட்டும்: ஒரு பொருளுக்கான பக்கம், ஒரு சேவைக்கான பக்கம், வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஒரு கட்டுரை.

ஒகேனக்கல் பற்றி 900 வார்த்தையில் எழுதிய சாம்பிளை இணைத்துள்ளேன். கருத்து சொல்லவும். (பென்னாகரம் வாசகர்)

முதல் வரியிலேயே இந்தியாவின் நயாகரா வந்துவிட்டது. ஒகேனக்கல் பற்றி எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். நீங்கள் பென்னாகரத்துக்காரர், அருவி உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. பெங்களூரில் இருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு உங்களால் சொல்ல முடிந்தது என்ன? காவிரியில் தண்ணீர் வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் நிலவரம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயம் உங்கள் 900 வார்த்தையில் எங்கேயும் இல்லை. நான்காவது பத்தியில் மீன் வறுவல் பற்றி எழுதியிருக்கிறீர்களே, கடைக்காரம்மா நீங்கள் வாங்கிக் கொடுத்த மீனையே கழுவி மசாலா தடவிப் பொரித்துத் தந்தார் என்று, அது நன்றாக இருக்கிறது. அதில் இருந்து தொடங்குங்கள். 500 வார்த்தையில் நிறுத்துங்கள்.

ஒரு ஏஜென்சியில் வேலைக்குக் கேட்டேன். ட்ரையல் என்று ஐந்து கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 வார்த்தை, எழுதித் தரச் சொல்கிறார்கள். பிடித்தால் வேலை உண்டாம். எழுதட்டுமா? (பாலக்கோடு வாசகி)

எழுதாதீர்கள்.

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, அதனால் நீட்டித்தான் சொல்வேன். நான் தொடங்கிய புதிதில் ஒரு ஏஜென்சி இதே மாதிரி ஐந்து கேட்டது. நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். வீடு மாற்றுவது பற்றிய கட்டுரை ஒன்று. ஊத்தங்கரையில் இருந்து நாங்கள் வீடு மாறியபோது ஃப்ரிட்ஜை முதல் நாள் இரவே அணைத்துத் திறந்து காயவைக்காததால், வண்டியில் தண்ணீர் சொட்டி அடியில் இருந்த அரிசி மூட்டை நனைந்தது. அதை அப்படியே எழுதியிருந்தேன். உங்கள் நடை எங்களுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து, என் வாக்கியம் ஒன்றை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினேன். வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனியின் வெப்சைட்டில் அந்த அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கணக்குப் போடுங்கள். புதியவருக்கு வார்த்தைக்கு ஐம்பது பைசா என்றே வைத்தாலும் 5000 வார்த்தைக்கு 2500 ரூபாய். பத்துப் பேரிடம் ட்ரையல் கேட்டால் ஒரு வெப்சைட்டையே இலவசமாக நிரப்பிவிடலாம். வேலைக்கு ஆளே எடுக்க வேண்டியதில்லை.

உண்மையான ட்ரையலை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களோடு விண்ணப்பித்த இன்னொருவரிடம் அவருக்கு என்ன தலைப்பு வந்தது என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே தலைப்பு என்றால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் நியாயமானது. ஆளுக்கொரு தலைப்பு என்றால் அறுவடை. தலைப்போடு, கூகுளில் ஆட்கள் தேடும் சொற்களான கீவேர்டு பட்டியலும், இந்தச் சொல் எட்டு முறை வர வேண்டும் என்ற கணக்கும் வந்தால் சந்தேகமே வேண்டாம். நாளைக்கே பிரசுரிக்கப் போகிற கட்டுரைக்குத்தான் அதெல்லாம் தேவை.

இப்படிப் பதில் அனுப்புங்கள்: என் மூன்று சாம்பிள்களின் லிங்க் இதோ, அவை போதாது என்றால் உங்கள் தலைப்பில் 300 வார்த்தை வரை எழுதித் தருகிறேன், அதற்கு மேல் என்றால் இன்ன கூலி. நேர்மையானவர் ஒப்புக்கொள்வார். மற்றவர் காணாமல் போவார், போகட்டும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால், காசும் வாங்கவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்தும் போடவில்லை என்றால், எழுதியது உங்களுடையதுதான். பிரசுரமாகாமல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு போர்ட்ஃபோலியோவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை தர டெபாசிட், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் என்று கேட்கிறவரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கூலி அவர்தான் உங்களுக்குத் தர வேண்டும்.

சார் கன்டென்ட் ரைட்டிங் பண்ணணும் எப்படி டீடெயில்ஸ் அனுப்பவும் (ஊர் பெயர் இல்லை)

முற்றுப்புள்ளி வைத்து மறுபடி எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

தருமபுரியில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வெப்சைட் பிழையும் குழப்பமுமாக இருக்கிறது. அதைத் திருத்தி எழுதி, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா? (தருமபுரி வாசகர்)

யோசனை நல்லது, வைக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிடுங்கள். அவர்கள் பக்கத்தை முழுசாக ஒட்டாமல், எது சரியில்லை என்பதை மட்டும் உங்கள் வார்த்தையில் இரண்டு வரி சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தைப் போடுங்கள். ஊருக்குள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், டாக்டரின் மச்சினர் கண்ணில் படத்தான் செய்யும். அவர்கள் உங்கள் வாடிக்கையாளர் என்ற நினைப்பை எங்கேயும் உண்டாக்காதீர்கள், இது பயிற்சிக்காக எழுதியது என்று மேலே போடச் சொன்ன வரி இங்கேயும் கட்டாயம்.

இன்னொன்று, வைத்தியம் சம்பந்தப்பட்ட பக்கத்தில் வலியே இருக்காது, நூறு சதவீதம் குணம் என்று எழுதாதீர்கள். வேர் சிகிச்சைக்கு ஏறக்குறைய எத்தனை முறை வர வேண்டியிருக்கும், மரத்துப்போகும் ஊசி போட்டபின் எப்போது சாப்பிடலாம் என்று நோயாளி வாசலில் நின்று கேட்பதை எழுதுங்கள். பதில்களை ஒரு பல் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருத்தி முடித்ததும் அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு பிரதி கொடுத்துப் பாருங்கள். என் முதல் கூலி அப்படி வந்ததுதான்.

மீடியம் என்ற வெப்சைட்டில் என் கட்டுரையை நானே போட்டால் அது பிரசுரம் ஆகுமா? (பர்கூர் வாசகர்)

யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் அதற்கென்று தனி மதிப்பு கிடையாது. லிங்க்காகக் காட்டலாம், என் படைப்பு பிரசுரமாகியுள்ளது என்று பீற்றிக்கொள்ள வேண்டாம்.

சாம்பிளை எப்படி அனுப்புவது? பிடிஎஃப்பா, சொந்தமாக வெப்சைட் தொடங்க வேண்டுமா? (தேன்கனிக்கோட்டை வாசகி)

வெப்சைட்டுக்கு இப்போதே காசைக் கொட்டாதீர்கள். கூகுள் டாக்ஸ் போதும், சாம்பிளுக்கு ஒரு கோப்பு. Share பொத்தானை அழுத்தினால் General access என்று வரும். அதில் Restricted என்று இருப்பதை Anyone with the link என்று மாற்றுங்கள், பக்கத்தில் Viewer என்று இருக்கட்டும். போன மாதம் எனக்கு வந்த ஏழு லிங்க்கில் நாலு திறக்கவே இல்லை, அனுமதி கேள் என்றது. வேலை தருபவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார், அடுத்தவர் லிங்க்கை அழுத்துவார். இன்னொருவர் Editor கொடுத்திருந்தார். நான் நினைத்திருந்தால் அவர் எழுதியதை மொத்தமாக அழித்திருக்கலாம். அனுப்பும் முன் வீட்டில் வேறு யாருடைய போனிலாவது திறந்து பாருங்கள். அந்த போனில் உங்கள் கூகுள் கணக்கு இருக்கக் கூடாது.